கஸ்டம்ஸ் புரோக்கருக்கு எழுதும் மெயில்: மூன்று ஸ்டீல் பாட்டில்களை வைத்து ஒரு விளக்கம்

கேள்வி: சீனாவிலிருந்து ஸ்டீல் ஃபிளாஸ்க், வாட்டர் பாட்டில் எல்லாம் முதல் முறையாக இறக்குமதி செய்யப்போகிறேன். சென்னையில் ஒரு கஸ்டம்ஸ் புரோக்கர் கிடைத்துவிட்டார். "ஹெச்.எஸ். கோடு, டாகுமெண்ட் எல்லாம் அவர்கிட்ட மெயில்ல கன்ஃபர்ம் பண்ணிக்கோ" என்கிறார் நண்பர். என்ன எழுதுவது? சப்ளையர் எல்லாவற்றுக்கும் 7323 என்று போட்டுக் கொடுத்திருக்கிறாரே, அதுவே போதாதா?

பதில்:

போதாது. உங்கள் சரக்கில் ஃபிளாஸ்க்குக்கு அது பெரும்பாலும் தவறான கோடாகவே இருக்கும். சப்ளையர் ஏமாற்றுகிறார் என்று சொல்லவில்லை. பொருளை வகைப்படுத்தும் எண்ணான ஹெச்.எஸ். கோட்டில் முதல் ஆறு இலக்கம்தான் உலகம் முழுக்கப் பொது, இந்தியாவில் எட்டு இலக்கம் வேண்டும், அந்தக் கடைசி இரண்டு அவருக்குத் தெரியாது. தவிர அவர் ஊரில் ஏற்றுமதிக்குத் திரும்பக் கிடைக்கும் வரி கோடைப் பொறுத்து மாறும், அதனால் அவர் தன் பழக்கத்துக்கும் வசதிக்கும் ஏற்ற கோடைப் போடுவார். இங்கே இறக்குமதிக்காகக் கஸ்டம்ஸில் தாக்கல் செய்யும் பில் ஆஃப் என்ட்ரியில் போகும் கோடு உங்கள் பெயரில் நீங்கள் செய்யும் அறிவிப்பு. 2011 முதல் கஸ்டம்ஸ் சட்டத்தின் 17-ஆம் பிரிவுப்படி வரியை முதலில் மதிப்பிடுவதே இறக்குமதியாளர்தான், புரோக்கர் உங்கள் சார்பில் தாக்கல் செய்பவர். நாளைக்கு நோட்டீஸ் வந்தால் முதலில் உங்கள் பெயருக்குத்தான் வரும்.

முதலில் பொருளைப் பார்ப்போம், மெயில் அதற்கப்புறம். 7323 என்பது இரும்பு, ஸ்டீலில் செய்த சமையலறை, வீட்டு உபயோகப் பொருள்களுக்கானது. ஸ்டீல் பாட்டில் என்றதும் எல்லாரும் அங்கேதான் போவார்கள். ஆனால் 9617 என்று ஒரு தலைப்பு இருக்கிறது, வேக்குவம் ஃபிளாஸ்க்குக்கும் மற்ற வெற்றிடப் பாத்திரங்களுக்கும் என்றே தனியாக. உலோகங்களுக்கான பதினைந்தாம் பகுதியின் தொடக்கக் குறிப்பில், 96-ஆம் அத்தியாயப் பொருள்கள் இந்தப் பகுதியில் வராது என்று போட்டிருக்கிறது. ஆக, இரண்டு சுவர்களுக்கு நடுவே வெற்றிடம் இருந்தால் ஸ்டீலில் செய்திருந்தாலும் அது 9617. வெற்றிடம் இல்லாமல் ஒற்றைச் சுவராகவோ, நடுவில் வெறும் காற்று உள்ள இரட்டைச் சுவராகவோ இருந்தால், முழு ஸ்டீல் பாட்டில் 7323-க்குத் திரும்பிவிடும்.

புரோக்கருக்கு இந்த ஒரு விஷயம் நீங்கள் சொன்னால்தான் தெரியும். அவர் மேஜைக்கு வருவது "ஸ்டீல் பாட்டில், டபுள் வால், இன்சுலேட்டட்" என்ற ஒரு வரி இன்வாய்ஸ்தான், அந்த வார்த்தைகள் இரண்டு வகைக்கும் பொருந்தும். கேட்லாக்கையும் நம்ப முடியாது, இன்சுலேட்டட் என்ற சொல்லை விற்பவர்கள் எதற்கு வேண்டுமானாலும் ஒட்டுவார்கள். சாம்பிள் இருந்தால் கொதிக்கும் தண்ணீரை ஊற்றி மூடிப் பத்து நிமிடம் கழித்து வெளிச்சுவரைத் தொட்டுப் பாருங்கள். வெற்றிடம் ஒழுங்காக இருந்தால் வாய்ப்பகுதி தவிர மற்ற இடம் சூடாகாது, காற்று மட்டும் இருந்தால் கை சொல்லிவிடும். அறுத்துப் பார்ப்பேன் என்று சிலர் கிளம்புவார்கள். அறுத்தால் இரண்டு வகையிலும் இரட்டைச் சுவர்தானே தெரியும், வெற்றிடம் அறுத்த நொடியே போய்விடுமே! எப்படியும் தொழிற்சாலையிடம் சுவர்களுக்கு இடையே வெற்றிடம் உண்டா இல்லையா என்று நேரடியாகக் கேட்டு எழுத்தில் பதில் வாங்குங்கள், அதை மெயிலோடு இணைக்க வேண்டும்.

இதற்கு இவ்வளவு மெனக்கெடக் காரணம் இருக்கிறது. 2025 மார்ச்சில் சீனாவிலிருந்து வரும் வேக்குவம் ஃபிளாஸ்க்குகளுக்கு மத்திய அரசு பொருள்குவிப்புத் தடுப்பு வரி போட்டது, ஆன்ட்டி டம்பிங் டியூட்டி என்பார்கள், ஐந்து ஆண்டுக்கு, டன்னுக்கு 1,732 டாலர். விலையைப் பார்த்துப் போடும் வரி இல்லை இது, எடையைப் பார்த்துப் போடுவது. 300 கிராம் எடையுள்ள ஒரு ஃபிளாஸ்க்குக்குச் சுமார் 52 சென்ட் வரும். நீங்கள் 1,200 ஃபிளாஸ்க் எடுத்தால் 360 கிலோ, ஏறக்குறைய 624 டாலர், அதுவும் அடிப்படைச் சுங்க வரிக்கு மேல், அதைச் சேர்த்த தொகை மீதுதான் ஐ.ஜி.எஸ்.டி. வேறு. ஐ.ஜி.எஸ்.டி.யை உள்ளீட்டு வரியாகத் திரும்ப எடுத்துக்கொள்ளலாம், இதை எடுக்க முடியாது, நேராக அடக்க விலையில் போய் உட்காரும். மலிவு ஃபிளாஸ்க்கில் இது லாபத்தையே தின்றுவிடும். 7323 என்று போட்டு வந்தால் இந்த வரி கட்டாமல் சரக்கு வெளியே வந்துவிடலாம், சிலருக்கு வரவும் செய்கிறது, பிறகு விசாரணை வந்தால் தவறுதலாகப் போட்டோம் என்று சொல்லி நம்பவைப்பது கஷ்டம். சாதாரணமாகக் குறைந்த வரியை 28-ஆம் பிரிவில் இரண்டு ஆண்டுக்குள் கேட்பார்கள். வேண்டுமென்றே மறைத்தது என்று முடிவானால் ஐந்து ஆண்டு பின்னோக்கிக் கேட்கலாம், வரிக்குச் சமமான அபராதமும் சேரும்.

ஆவணமும் கோடோடு சேர்ந்தே மாறும். 73-ஆம் அத்தியாயத்தில் போகும் பொருளுக்கு ஸ்டீல் இறக்குமதிக் கண்காணிப்புப் பதிவு, அதாவது சிம்ஸ், வேண்டுமா என்ற கேள்வி வரும், 9617-க்கு வராது. ஃபிளாஸ்க், குடிநீர் பாட்டில், ஸ்டீல் பாத்திரம் மூன்றுக்கும் தனித்தனித் தரக்கட்டுப்பாட்டு ஆணைகள் வந்திருக்கின்றன, ஒவ்வொன்றுக்கும் இந்தியத் தர எண் வேறு. இந்த ஆணைகள் தள்ளிப்போவதும் திருத்தப்படுவதும் வழக்கம், ஆகவே போன வருடம் ஒருவர் எடுத்தார் என்ற தகவலை வைத்து எதுவும் செய்யாதீர்கள்.

சரி, எப்போது எழுதுவது? சப்ளையருக்கு முன்பணம் போடுவதற்கு முன்னால். சரக்கைக் கப்பலில் ஏற்றியதற்கான பி.எல். வந்த பிறகு புரோக்கருக்கு அனுப்பினால் அவர் செய்யக்கூடியது குறைவு. முக்கியமாகத் தரக்கட்டுப்பாட்டு ஆணைகள் கேட்கும் பி.ஐ.எஸ்., அதாவது இந்தியத் தர நிர்ணய அமைவனத்தின் உரிமம்: அது வெளிநாட்டுத் தொழிற்சாலையின் பெயரில், அந்தக் குறிப்பிட்ட பொருளுக்கு இருக்க வேண்டும், நீங்கள் இங்கே உட்கார்ந்து வாங்க முடியாது. சப்ளையர் வெறும் டிரேடராக இருந்தால் அவருக்கும் கிடைக்காது, அவர் வாங்கும் தொழிற்சாலைக்குத்தான். புதிதாக விண்ணப்பித்தால் மாதக்கணக்கில் ஆகும். ஆணைக்கு உட்பட்ட பொருள் ஐ.எஸ்.ஐ. முத்திரை இல்லாமல் துறைமுகத்துக்கு வந்துவிட்டால் திருப்பி அனுப்புவதும் அழிப்பதும் தவிர வேறு நல்ல வழி இருக்காது.

மெயில் இப்படி இருக்கலாம். அளவுகளும் எண்களும் உதாரணத்துக்கு, உங்களுடையதைப் போட்டுக்கொள்ளுங்கள். புரோக்கர் ஆபீசில் ஆங்கிலம்தான் ஓடும் என்றால் இதையே ஆங்கிலத்தில் எழுதிவிடுங்கள்.

பொருள்: வகைப்பாடும் ஆவணங்களும் உறுதி செய்ய – ஸ்டீல் ஃபிளாஸ்க், பாட்டில் – நிங்போவிலிருந்து சென்னை – ஆர்டர் இன்னும் உறுதியாகவில்லை

வணக்கம் சார்,

கீழே உள்ள பொருள்களை நிங்போவிலிருந்து சென்னைத் துறைமுகத்துக்குக் கடல் வழியாக எடுக்க இருக்கிறேன். எல்லாமே சீனத் தயாரிப்பு, கடைகளில் சில்லறையாக விற்க. சப்ளையருக்கு இன்னும் பணம் அனுப்பவில்லை, உங்கள் பதிலைப் பார்த்துத்தான் அனுப்புவேன்.

1. ஃபிளாஸ்க், 500 மி.லி., 1,200 எண்ணிக்கை. உள்சுவரும் வெளிச்சுவரும் 304 ஸ்டீல், நடுவில் வெற்றிடம் (தொழிற்சாலையின் கடிதம் இணைப்பில்). பிளாஸ்டிக் மூடி, சிலிக்கான் வளையம். ஒன்றின் எடை அட்டைப்பெட்டி இல்லாமல் 300 கிராம்.

2. வாட்டர் பாட்டில், 750 மி.லி., 2,000 எண்ணிக்கை. ஒற்றைச் சுவர், 304 ஸ்டீல், ஸ்டீல் மூடி. வெப்பம் காக்கும் வசதி எதுவும் இல்லை.

3. குழந்தைகள் பாட்டில், 400 மி.லி., 800 எண்ணிக்கை. உள்ளே ஸ்டீல், வெளியே பிளாஸ்டிக் உறை, நடுவில் காற்று மட்டும், வெற்றிடம் இல்லை. மொத்தம் 260 கிராமில் ஸ்டீல் 110, பிளாஸ்டிக் 150.

4. முதல் வகைக்கான மாற்று மூடிகள், 100 எண்ணிக்கை, தனிப் பையில். சப்ளையர் இலவசமாகத் தருகிறார்.

சப்ளையர் எல்லாவற்றுக்கும் 7323 என்கிறார். என் புரிதலில் முதல் வகை 9617, இரண்டாவது 7323. மூன்றாவது 7323-ஆ 3924-ஆ என்று எனக்குத் தெளிவில்லை.

ஒவ்வொரு பொருளுக்கும் எட்டு இலக்கக் கோடும், எந்தத் தலைப்பு அல்லது குறிப்பின் அடிப்படையில் என்ற காரணமும் சொல்லுங்கள். இன்றைய தேதியில் அடிப்படை வரி, சமூக நல சர்சார்ஜ், ஐ.ஜி.எஸ்.டி. எவ்வளவு, முதல் வகைக்கு ஆன்ட்டி டம்பிங் டியூட்டி வருகிறதா, வந்தால் நிகர எடையிலா என்றும் தெரிய வேண்டும். எந்தெந்தப் பொருள் தரக்கட்டுப்பாட்டு ஆணைக்குள் வருகிறது, ஆணையின் பெயர், தர எண் என்ன? சிம்ஸ் பதிவு எதற்காவது வேண்டுமா? சில்லறை லேபிளில் என்ன இருக்க வேண்டும், அதைச் சீனாவிலேயே ஒட்டிவிட வேண்டுமா? கடைசியாக, மொத்த ஆவணப் பட்டியல்: எது சப்ளையரிடமிருந்து, எது என்னிடமிருந்து, எது கப்பல் கிளம்பும் முன்பே கையில் இருக்க வேண்டும்.

இணைப்பு: நான்கு பக்கமும் எடுத்த படங்கள், அடிப்பாகப் படம், ஸ்பெக் ஷீட், தொழிற்சாலைக் கடிதம், உத்தேச இன்வாய்ஸ், எங்கள் ஐ.இ.சி., ஜி.எஸ்.டி. சான்றுகள்.

நன்றி.

இவ்வளவுதான். நீளமாகத் தெரியும், ஆனால் இதில் இருக்கும் ஒவ்வொரு தகவலும் ஒரு முடிவை மாற்றக்கூடியது. கொள்ளளவை எதற்குச் சொல்கிறோம் என்றால் நம் ஊர்ப் பட்டியலில் 9617-க்குள் 0.75 லிட்டர் வரை ஓர் எட்டு இலக்கக் கோடு, அதற்கு மேல் வேறு கோடு. குழந்தைகள் பாட்டிலின் எடையைப் பிரித்துச் சொன்னது, இரண்டு பொருள் கலந்த ஒன்றில் எது அதன் அடிப்படைத் தன்மையைத் தருகிறது என்று பார்க்க வேண்டியிருப்பதால். எடை மட்டுமே முடிவு செய்வதில்லை, தண்ணீரைத் தாங்குவது ஸ்டீல் உள்பாத்திரம் என்ற வாதம் 7323 பக்கம் இழுக்கும், பிளாஸ்டிக் எடை கூடுதல் என்பது பிளாஸ்டிக் வீட்டுப் பொருள்களுக்கான 3924 பக்கம் இழுக்கும். இது உண்மையிலேயே இரண்டு பக்கமும் பேசக்கூடிய பொருள், அதனால் புரோக்கர் என்ன காரணம் சொல்கிறார் என்பதுதான் கோடைவிட முக்கியம்.

இலவச மூடியைப் பலர் எழுதவே மாட்டார்கள். காசு கொடுக்காவிட்டாலும் கஸ்டம்ஸுக்கு அதற்கு ஒரு மதிப்பு உண்டு, இன்வாய்ஸில் நியாயமான விலை போட்டு, இந்தத் தொகை செலுத்தத் தேவையில்லை என்று ஒரு வரி சேர்க்கச் சொல்லுங்கள். பேக்கிங் லிஸ்டில் இல்லாத பை ஒன்று பரிசோதனையில் வெளியே வந்தால், நூறு மூடிக்காக மொத்தச் சரக்கையும் சந்தேகமாகப் பார்ப்பார்கள்.

பதில் வந்ததும் அதை எப்படிப் படிப்பது என்று தெரிந்திருக்க வேண்டும். "9617 ஓகே சார், பார்த்துக்கலாம்" என்று வாட்ஸ்அப்பில் ஒரு வரி வந்தால் அது பதிலே இல்லை. நல்ல புரோக்கர் திருப்பிக் கேள்வி கேட்பார்: மூடியில் தெர்மாமீட்டர் இருக்கிறதா, பெட்டிக்குள் கப் சேர்ந்து வருகிறதா, டிரேடரா தொழிற்சாலையா, பி.ஐ.எஸ். உரிம எண் என்ன என்று. அந்த எண்ணைக் கொடுத்தால் பி.ஐ.எஸ். கேர் செயலியில் நீங்களே தட்டிப் பார்க்கலாம், தொழிற்சாலையின் பெயரும் முகவரியும் பொருளும் உங்கள் ஆவணங்களோடு ஒத்துப்போக வேண்டும். உரிமம் உண்மையாக இருக்கும், ஆனால் வேறு தொழிற்சாலையுடையதாக இருக்கும், அல்லது வேறு பொருளுக்கானதாக இருக்கும். இதையெல்லாம் கேட்காத, எல்லாவற்றுக்கும் குறைந்த வரிக் கோடையே சொல்லும் புரோக்கர் என்றால் நான் வேறு ஆளைப் பார்ப்பேன். புரோக்கர் உரிம விதிகள் 2018-இல் வாடிக்கையாளருக்குச் சட்டப்படி நடக்க அறிவுரை சொல்வது அவரது கடமை என்றே இருக்கிறது, ஆனால் அவர் கடமை தவறினாலும் உங்கள் வரி உங்கள் வரிதான்.

எழுத்தில் கேட்பதற்கு இன்னொரு பயன் உண்டு. பின்னாளில் தகராறு வந்தால், எல்லாத் தகவலையும் மறைக்காமல் கொடுத்துக் காரணத்தோடு ஒரு முடிவுக்கு வந்தீர்கள் என்று காட்ட இந்த மெயில்தான் கையில் இருக்கும். வரியிலிருந்து அது காப்பாற்றாது, வேண்டுமென்றே மறைத்தார் என்ற குற்றச்சாட்டை எதிர்கொள்ள உதவும்.

லேபிள் பற்றிச் சுருக்கமாக. பெட்டியில் சில்லறையாக விற்கும் பொருள் என்பதால் சட்டமுறை எடையளவு விதிகள் 2011 பொருந்தும், இறக்குமதியாளராகப் பதிவும் வேண்டும். உங்கள் பெயர் முகவரி, எந்த நாட்டுத் தயாரிப்பு, பொருளின் பெயர், எண்ணிக்கை, மாதம் வருடம், எம்.ஆர்.பி., புகார் தொடர்பு விவரம் இவை பெட்டியில் இருக்க வேண்டும். தொழிற்சாலையிலேயே அச்சடித்து ஒட்டச் சொல்வதுதான் மலிவு. இங்கே வந்த பிறகு கிடங்கில் வைத்து ஒட்ட அனுமதி வாங்குவது நடக்கும், ஆனால் ஆள்கூலியும் வாடகையும் உங்கள் தலையில்.

புரோக்கர் சொன்னதைச் சப்ளையரின் இன்வாய்ஸில் கொண்டுவந்து சேர்ப்பது அடுத்த வேலை, இதில்தான் நிறையப் பேர் கோட்டை விடுகிறார்கள். மெயிலில் எல்லாம் தெளிவாக இருக்கும், இன்வாய்ஸில் மட்டும் நான்கு பொருளுக்கும் "ஸ்டெயின்லெஸ் ஸ்டீல் பாட்டில்" என்று ஒரே பெயர் இருக்கும். 2020 ஜூன் 8 அன்று சென்னையிலும் பெங்களூரிலும் தொடங்கிய முகமறியா மதிப்பீட்டு முறையில், உங்கள் பில் ஆஃப் என்ட்ரியைப் பார்க்கும் அதிகாரி வேறு ஊரில் இருக்கலாம். அவர் கையில் ஃபிளாஸ்க் இருக்காது, கஸ்டம்ஸின் ஆவணத் தளமான இ-சஞ்சித்தில் நீங்கள் ஏற்றிய காகிதம் மட்டும்தான். முன்பு போல் புரோக்கரின் ஆள் சாம்பிளை எடுத்துக்கொண்டு போய் நேரில் விளக்க முடியாது. கோடும் விவரமும் ஒட்டாவிட்டால் கொயரி போடுவார், அதற்குப் பதில் எழுதி, படம் சேர்த்து, மறு கொயரி வந்து என்று நாள் போகும், கன்டெய்னரை வைத்திருக்கும் சி.எஃப்.எஸ். கிடங்கின் வாடகை ஓடிக்கொண்டிருக்கும். ஆகவே வெற்றிடம் உண்டா இல்லையா, கொள்ளளவு, எந்தப் பொருளில் செய்தது, மாடல் எண் நான்கும் இன்வாய்ஸின் ஒவ்வொரு வரியிலும் வர வேண்டும். பேக்கிங் லிஸ்டில் ஃபிளாஸ்க்கின் நிகர எடை தனியாக வர வேண்டும். எல்லாவற்றையும் சேர்த்து ஒரே மொத்த எடை போட்டால் அந்த 1,732 டாலர் கணக்கை எதன் மீது போடுவது என்று தகராறு வரும்.

குழந்தைகள் பாட்டில் மாதிரி முடிவுக்கு வராத பொருளுக்கு என்ன செய்வது? ஒரே முறை, சிறிய அளவு என்றால் ஃபர்ஸ்ட் செக் கேட்கச் சொல்லலாம், அதாவது முதலில் சரக்கைப் பரிசோதித்துவிட்டு அப்புறம் வரியை மதிப்பிடுவார்கள். சில நாள் கூடுதலாகும், ஆனால் பொருளை அதிகாரி கண்ணால் பார்த்த பதிவு இருக்கும். இதையே வருடக்கணக்கில் எடுக்கப்போகிறீர்கள் என்றால் மும்பை அல்லது டெல்லியில் உள்ள சுங்க முன்தீர்ப்பு ஆணையத்தில் விண்ணப்பிக்கலாம், கட்டணம் 10,000 ரூபாய், மூன்று மாதத்துக்குள் தீர்ப்புச் சொல்ல வேண்டும் என்பது விதி. சட்டமோ உண்மைகளோ மாறாதவரை சில ஆண்டுகளுக்கு அது செல்லும். எண்ணூறு பாட்டிலுக்கு இது தேவையில்லை, அந்த வகையை முதல் சரக்கில் விட்டுவிடுவதே நல்லது என்று நான் சொல்வேன்.

கப்பல் கிளம்பிய பிறகு புரோக்கர் செக்லிஸ்ட் என்று ஒன்று அனுப்புவார், பில் ஆஃப் என்ட்ரியின் வரைவு அது. சீனாவிலிருந்து வரும் சரக்குக்குக் கப்பல் வந்து சேரும் நாளுக்கு முந்தைய நாள் முடிவதற்குள் தாக்கல் செய்தாக வேண்டும், தாமதமானால் முதல் மூன்று நாளைக்கு நாளொன்றுக்கு 5,000 ரூபாயும் அப்புறம் 10,000-மும் போகும், அதனால் "உடனே ஓகே சொல்லுங்க" என்று அவசரப்படுத்துவார்கள். அவசரத்திலும் உங்கள் பழைய மெயிலைப் பக்கத்தில் திறந்து வைத்துக்கொண்டு ஒவ்வொரு வரியின் கோடு, விவரம், நிகர எடை, எந்த நாட்டுத் தயாரிப்பு, ஆன்ட்டி டம்பிங் அறிவிக்கையின் எண் ஆகியவற்றைச் சரிபாருங்கள். முன்பு சொன்னதிலிருந்து ஏதாவது மாறியிருந்தால் ஏன் மாறியது என்று மெயிலிலேயே கேளுங்கள், பதில் வந்த பிறகு ஓகே சொல்லுங்கள்.